சரக்கை முந்திய செய்தி

ஒரு நாட்டை மற்றொரு நாடு ஆள வேண்டுமாயின் படை வேண்டும், பணம் வேண்டும். இவ்விரண்டும் பெற்றிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் நெடுங்காலம் இல்லாதிருந்தது ஒன்று உண்டு. அது காலத்தே வந்து சேரும் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பலும் தந்தியும் அக்குறையை எவ்வாறு நீக்கின என்பதையும், அதனால் ஆட்சியும் வாணிகமும் எவ்வாறு உருமாறின என்பதையும் இக்கட்டுரையில் இலண்டனுக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடல்வழி ஒன்றை மட்டும் கொண்டு ஆராய்வோம்.

காற்றுக்குக் காத்திருந்த கடிதம்

1830-ஆம் ஆண்டுக்கு முன்னர், இலண்டனில் எழுதப்பட்ட ஒரு கடிதம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவை அடைய ஐந்து முதல் எட்டுத் திங்கள் ஆயிற்று. இங்கிருந்து மறுமொழி செல்வதற்குப் பருவக்காற்று திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே, ஒரு வினாவுக்கு விடை கிடைக்க இரண்டாண்டுகள் கழிந்ததும் உண்டு. கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் ஒரு போரைத் தொடங்கி முடித்துவிட்ட பின்னரே, தொடங்கலாமா கூடாதா என்னும் இலண்டனின் கருத்து அவர் கைக்கு வரும்.

இங்கே நாம் உற்றுநோக்க வேண்டுவது தாமதத்தை மட்டுமன்று. அக்காலத்தில் செய்தியும் சரக்கும் ஒரே கப்பலில், ஒரே வேகத்தில் சென்றன. பருத்தி மூட்டை எப்பொழுது லிவர்பூல் துறையில் இறங்கிற்றோ, ஏறத்தாழ அப்பொழுதே அம்மூட்டையைப் பற்றிய கடிதமும் இறங்கிற்று. பிற்காலத்தில் நிகழ்ந்த பெருமாற்றம் யாதெனின், செய்தி சரக்கினின்றும் பிரிந்து தனிவழி கண்டதே ஆகும். அப்பிரிவு ஒரே நாளில் நேர்ந்ததன்று. இரண்டு படிகளில் நேர்ந்தது.

நிலக்கரி தின்ற கப்பல்

முதற்படி நீராவிக் கப்பலால் அமைந்தது. பம்பாயில் கட்டப்பட்ட ‘ஹியூ லிண்ட்சே’ என்னும் நீராவிக் கப்பல் 1830 மார்ச்சுத் திங்களில் அங்கிருந்து புறப்பட்டுச் செங்கடல் வழியே சூயெஸ் துறையை அடைந்தது. பயணம் ஏறத்தாழ 33 நாட்கள் எடுத்தது. ஆயினும், அவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட காலம் இடைத்துறைகளில் நிலக்கரி ஏற்றுவதிலேயே கழிந்தது. ஐந்தரை நாட்களுக்கு வேண்டிய கரியைத் தாங்குமாறு கட்டப்பெற்ற அக்கப்பல், பம்பாயிலிருந்து ஏடன் செல்வதற்குப் பதினொரு நாட்களுக்கான கரியைச் சுமக்க நேர்ந்தது. கரி மூட்டைகள் பயணிகள் அறைகளையும் மேல்தளத்தையும் நிறைத்தன. கப்பலின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மிக அருகே தாழ்ந்து கிடந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் அதனால் எதிர்த்துச் செல்லவும் இயலவில்லை.

இதனின்று ஓர் உண்மை புலனாகும். தொடக்கக்கால நீராவிக் கப்பல் சரக்கு ஏற்றும் கப்பலன்று. சரக்குக்குரிய இடத்தை அதன் பொறியும் கரியும் விழுங்கிவிட்டன. அது கடிதங்களையும், பயணிகளையும், விலையுயர்ந்த சிறு பொருள்களையும் மட்டுமே கொண்டு சென்றது. அதற்கு வேண்டிய கரியைக்கூடப் பாய்மரக் கப்பல்களே சுமந்துகொண்டு வந்து வழியிலுள்ள துறைகளில் குவித்தன. அத்தகைய கரித்துறை ஒன்று தேவைப்பட்டமையும், 1839-இல் ஆங்கிலேயர் ஏடனைக் கைப்பற்றியதற்குரிய காரணங்களுள் ஒன்று.

1840-களில் பி. அண்டு ஓ. கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் அரசின் அஞ்சலை ஏற்றுக் குறித்த நாளில் புறப்படலாயின. இங்கிலாந்திலிருந்து அலெக்சாந்திரியா வரை ஒரு கப்பல். அங்கிருந்து நைல் ஆற்றின் வழியே கெய்ரோ. பின்னர்ப் பாலைவனத்தைக் கடந்து சூயெஸ். சூயெசிலிருந்து மற்றொரு கப்பல் என அஞ்சல் கைமாறிச் சென்றது. ஒரு கடிதம் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரைத் திங்களில் இந்தியாவை அடைந்தது. சரக்கோ இன்னும் பாய்மரக் கப்பலிலேயே நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டிருந்தது. செய்தி சரக்கை முந்தத் தொடங்கிவிட்டது.

கடலடியில் ஒரு கம்பி

இரண்டாம் படி தந்தியால் அமைந்தது. 1855-க்குள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களைத் தந்திக் கம்பிகள் இணைத்துவிட்டன. 1857 மே 10-ஆம் நாள் மீரட்டில் கிளர்ச்சி மூண்டது. மறுநாள் தில்லித் தந்தி அலுவலகத்திலிருந்து அம்பாலாவுக்குச் செய்தி பறந்தது. ஆயின், அதே செய்தி இலண்டனை எட்டியது ஜூன் திங்களின் இறுதியில்தான். நாட்டுக்குள் மணிக்கணக்கு, கடல் கடந்தால் வாரக்கணக்கு. இந்த இடைவெளியை அடைக்காமல் இந்தியாவைக் காக்க முடியாது என்னும் அச்சம் இலண்டனைப் பற்றிக்கொண்டது.

அச்சம் அவசரத்தை விளைத்தது. 1859-60-இல் சூயெசிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சி வரை செங்கடலிலும் அரபிக்கடலிலும் கம்பிவடம் இடப்பட்டது. 8 இலட்சம் பவுன் முதலீட்டுக்கு ஆண்டுக்கு நாலரை விழுக்காடு வட்டி தருவதாக ஆங்கில அரசு உறுதி கூறிற்று. அவ்வடம் முழுநீளத்துக்கும் ஒரு செய்தியைக்கூட ஒழுங்காகக் கொண்டு செல்லாமலே அழிந்தது. அரசோ ஆண்டுதோறும் 36,000 பவுன் வட்டியைப் பல பத்தாண்டுகள் செலுத்திக்கொண்டிருந்தது.

அது ஏன் அழிந்தது? கடலடித் தரை மேடும் பள்ளமும் நிறைந்தது. செங்கடலிலோ பவளப் பாறைகளும் மிகுதி. வடத்தைத் தளர்வாக இட்டிருப்பின் அது தரையோடு படிந்திருக்கும். செலவைச் சுருக்கும் பொருட்டு இழுத்துக் கட்டிய கயிறுபோல் இட்டமையால், அது பாறைக்கும் பாறைக்கும் இடையே தொங்கிற்று. தொங்கிய பகுதியில் சிப்பிகள் ஒட்டி வளர, அவற்றின் பாரம் தாங்காமல் வடம் அறுந்தது. மேலுறையும் மெல்லியதாகவே அமைந்திருந்தது.

இத்தோல்வி வீண்போகவில்லை. பின்னர் இடப்பட்ட வடங்கள் தடித்த செப்புக் கம்பியும், அதன்மேல் மலாய்த் தீவுகளில் கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலின் உறையும், அதற்குமேல் இரும்புக் கம்பிக் கவசமும் கொண்டு, போதிய தளர்வோடு கிடத்தப்பெற்றன. வடம் பழுதுற்றால் இடத்தைக் கண்டறியவும் வழி பிறந்தது. ஒரு மைல் செப்புக் கம்பி மின்னோட்டத்துக்குத் தரும் தடை இவ்வளவு என்பது முன்பே அளந்து வைக்கப்பட்டிருக்கும். கரையிலிருந்து பழுதுற்ற வடத்தின் தடையை அளந்து வகுத்துப் பார்த்தால், பழுது எத்தனையாவது மைலில் நேர்ந்தது என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். பழுதுபார்க்கும் கப்பல் அவ்விடம் சென்று, கொக்கியை இறக்கி வடத்தை மேலிழுத்து ஒட்டும்.

1865-இல் பாரசீக வளைகுடா வடமும் உதுமானியப் பேரரசின் நிலவழித் தந்தியும் இணைந்து இந்தியாவை ஐரோப்பாவோடு சேர்த்தன. 20 சொற்களுக்குக் கட்டணம் ஏறத்தாழ 5 பவுன். இடையிலிருந்த எழுத்தர் பலர் ஆங்கிலம் அறியாதவர். ஆகவே, செய்தி நாட்கணக்கில் தங்கித் தங்கிச் சிதைந்து வந்தது. இக்குறைகள் நீங்கியது 1870-இல். ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்னும் மாபெருங்கப்பல் ஏடனுக்கும் பம்பாய்க்கும் இடையே வடத்தை இட்டது. அதே ஆண்டு ஜூன் திங்களில் ஜிப்ரால்டர், மால்டா வழியாக இங்கிலாந்துக் கரைவரை கடல்வழித் தொடர் நிறைவுற்றது. ஒவ்வொரு நிலையத்திலும் பயிற்சி பெற்ற ஆட்கள் செய்தியை வாங்கி அடுத்த நிலையத்துக்கு அனுப்பினர். திங்கள் கணக்கில் சென்ற செய்தி மணிக்கணக்கில் செல்லலாயிற்று.

வாணிகக் கணக்கு மாறியது

அதே காலத்தில் சரக்கின் வழியும் குறுகிற்று. 1869 நவம்பர் 17-இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. இலண்டன்–பம்பாய்க் கடல்வழி ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சுருங்கியது. செங்கடலின் காற்று பாய்மரக் கப்பலுக்கு ஒவ்வாதது. எனவே கால்வாயின் பயன் நீராவிக் கப்பலுக்கே வாய்த்தது. அதற்குச் சற்று முன்னர், 1866-இல், லிவர்பூலைச் சேர்ந்த ஆல்பிரட் ஹோல்ட் என்பார் ஒரே நீராவியை இருமுறை வேலை வாங்கும் கூட்டுப்பொறி அமைந்த கப்பல்களைக் கீழ்த்திசைக்கு விட்டிருந்தார். கரிச் செலவு குறைந்தது. கரி கிடந்த இடத்தில் சரக்கு ஏறிற்று.

இவையெல்லாம் ஒரு வணிகரின் கணக்கேட்டை எவ்வாறு மாற்றின? பம்பாயில் பருத்தி ஏற்றுமதி செய்யும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். 1850-இல் அவர் தம் பணத்தையோ கடன் பணத்தையோ கொண்டு பருத்தியை வாங்குகிறார். அவர் கையிலிருக்கும் லிவர்பூல் விலைநிலவரம் ஒரு திங்களுக்கும் மேற்பட்ட பழமை உடையது. சரக்கு பாய்மரக் கப்பலில் ஏறி, நான்கு திங்களோ அதற்கு மேலோ கடலில் கிடந்து லிவர்பூல் சேர்கிறது. அன்றைய விலை என்னவாயிருக்கும் என்பதை வாங்கும்பொழுது அவரால் சொல்ல இயலாது. எனவே, விலை வீழ்ந்தாலும் தாங்குமாறு பெரிய இலாப வரம்பை வைத்தே உழவரிடம் வாங்குவார். விற்ற பணம் திரும்பி வர ஓராண்டு ஆகலாம். அதுவரை தாக்குப்பிடிக்கும் பெருமுதல் உள்ளவரே இத்தொழிலில் நிற்க முடியும். லிவர்பூலிலும் இலண்டனிலும் பெரும் பண்டகசாலைகளில் சரக்குக் குவிந்து கிடந்ததற்கும் காரணம் இதுவே. அடுத்த கப்பல் எப்பொழுது வருமென்று தெரியாதவர் இருப்பு வைத்துத்தானே ஆக வேண்டும்?

1875-இல் அதே வணிகர் வேறு விதமாகச் செயற்படுகிறார். இன்ன தரம், இத்தனை பொதி, இன்ன திங்களில் கப்பலேறும், விலை இவ்வளவு என்று லிவர்பூலுக்குத் தந்தி அடிக்கிறார். மறுமொழி ஓரிரு நாளில் வருகிறது. விற்பனை உறுதியான பின்னரே அவர் சந்தையில் பருத்தி வாங்குகிறார். கப்பலேற்றிய சீட்டைக் காட்டி வங்கியில் உண்டியலை மாற்றிப் பணம் பெறுகிறார். சரக்கு கால்வாய் வழியே ஏறத்தாழ ஒரு திங்களில் சென்று சேர்கிறது. சேரும் முன்னரே அது கைமாறியும் விடுகிறது. சிறுமுதல் உடையவரும் இவ்வாணிகத்தில் புக இடம் கிடைத்தது. ஆயின், காத்திருப்பதற்குக் கிடைத்த பழைய கொழுத்த இலாபம் மறைந்தது. பண்டகசாலைகளின் தேவையும், அவற்றை நம்பிப் பிழைத்த இடைத்தரகரின் செல்வாக்கும் குன்றின. 1870-இல் இருப்புப்பாதை எட்டிய பேராரின் காம்காம் பருத்திச் சந்தை போன்ற உள்நாட்டுச் சந்தைகளிலும் லிவர்பூலின் விலையே பேரத்தை முடிவு செய்தது. லிவர்பூலில் விலை ஏறினால் உழவர் நலம் பெறலாம்; இறங்கினாலோ அந்த இறக்கம் உடனே அவர் தலைமேல் விழும்.

வங்கக் கடலிலும் இம்மாற்றம் படர்ந்தது. 1871 தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி திறக்கப்பட்டது. நாகூர், நாகப்பட்டினம், பறங்கிப்பேட்டை, காரைக்கால் துறைகளிலிருந்து பருவக்காற்றை நம்பிப் பாய்மரக் கலம் செலுத்தித் துணியும் பிற சரக்கும் கொண்டு பினாங்குக்குச் சென்றுவந்த மரக்காயர்களின் வலிமை யாது? காற்றையும் துறையையும் அறிந்த அறிவு. அக்கரையில் இருந்த உறவினர் தரும் நம்பகமான செய்தி. நாகப்பட்டினத்திலிருந்து நீராவிக் கப்பல்கள் பினாங்குக்கு ஓடத் தொடங்கியபொழுது முதலாவது அறிவின் விலை குறைந்தது. தந்தி வந்தபொழுது இரண்டாவதும், கட்டணம் செலுத்தும் எவருக்கும் கிட்டும் பொருளாயிற்று. பலர் கப்பலுடைமையை விட்டுக் கடையுடைமைக்கு மாறினர்.

ஒரு புள்ளியின் விலை

தந்தி சொல்லுக்குச் சொல் காசு கேட்டது. ஆதலின், ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லில் அடக்கும் குறிச்சொல் ஏடுகள் வணிகரிடையே பெருகின. சிக்கனம் வந்த வழியே இடரும் வந்தது. சாதாரண வாக்கியத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தால் படிப்பவர் ஊகித்துத் திருத்திக்கொள்வார். குறிச்சொல்லில் அதற்கு இடமில்லை.

இதற்கு ஓர் அமெரிக்க வழக்கு நல்ல சான்று. பிலடெல்பியாவைச் சேர்ந்த கம்பளி வணிகர் பிரிம்ரோஸ், தாம் வாங்கிவிட்டதை முகவருக்கு அறிவிக்கும் பொருட்டு ‘பே’ என்னும் குறிச்சொல்லை இட்டுத் தந்தி அடித்தார். வழியில் அதன் நடு எழுத்தாகிய ‘ஏ’, ‘யூ’ என மாறிற்று. தந்தி மொழியில் ‘ஏ’ என்பது ஒரு புள்ளியும் ஒரு கோடும். ‘யூ’ என்பது இரு புள்ளியும் ஒரு கோடும். ஒரு புள்ளி கூடியதால் ‘பே’ என்பது ‘வாங்குக’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாயிற்று. முகவர் கம்பளியை வாங்கிக் குவித்தார். நட்டம் 20,000 டாலருக்கு மேல். 1894-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவருக்குத் தந்திக் கட்டணத்தை மட்டுமே திரும்பப் பெற உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. செய்தியைத் திரும்ப அனுப்பிச் சரிபார்க்கக் கூடுதல் கட்டணம் அவர் கட்டவில்லை என்பதே காரணம்.

சிம்லாவும் இலண்டனும்

வாணிகத்தில் நிகழ்ந்தது ஆட்சியிலும் நிகழ்ந்தது. இங்கிலாந்திலிருந்து வரும் பருத்தித் துணிக்கு இந்தியாவில் 5 விழுக்காடு இறக்குமதி வரி இருந்தது. அதனை நீக்குமாறு மான்செஸ்டர் ஆலை முதலாளிகள் இலண்டனை நெருக்கினர். இந்திய அமைச்சராக இருந்த சாலிஸ்பரி பிரபு அதற்கு இசைந்தார். வைசிராய் நார்த்புரூக் பிரபுவோ, இந்தியக் கருவூலத்துக்கு அவ்வருவாய் வேண்டுமென்று கருதி, 1875 ஆகஸ்டுத் திங்களில் சிம்லாவில் ஒரு சட்டத்தை விரைந்து நிறைவேற்றித் துணிவரியை நிலைநிறுத்தினார். பழங்காலமாயின் இலண்டன் இதனை அறிவதற்குள் ஓராண்டு வருவாய் தண்டப்பட்டிருக்கும். இப்பொழுதோ கம்பியின் மறுமுனையிலிருந்து கண்டனம் உடனே வந்தது. இலண்டனின் முன் இசைவின்றி இத்தகைய சட்டம் இயற்றலாகாது என்பது வலியுறுத்தப்பட்டது. நார்த்புரூக் 1876-இல் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த லிட்டன் பிரபு 1879-இல் தம் சபையோரின் பெரும்பான்மைக் கருத்தை மீறி முரட்டுத் துணிவகைகளின் வரியை நீக்கினார். 1882-இல் எஞ்சியதும் நீங்கிற்று.

நார்த்புரூக்கும் ஆங்கில அரசின் ஊழியரே. அவரை இந்திய நலனின் காவலர் என நாம் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், கடிதம் தாமதமான காலத்தில் நாட்டில் இருந்து ஆள்பவர் நாட்டு நிலையைக் கண்டு முடிவெடுக்கச் சிறிது இடம் இருந்தது. கம்பி அவ்விடத்தை அடைத்தது. இலண்டனின் செவி மான்செஸ்டருக்கு அருகில் இருந்தது. இந்திய நெசவாளருக்கு அருகில் இல்லை.

மூழ்காத கப்பலின் மூழ்கிய செய்தி

நீராவியும் தந்தியும் ஒருங்கே காட்சி தரும் நிகழ்ச்சி ஒன்றைக் கூறி முடிப்போம். 1880 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஹஜ் பயணிகள் ஏறத்தாழ 950 பேரை ஏற்றிக்கொண்டு ‘ஜித்தா’ என்னும் நீராவிக் கப்பல் புறப்பட்டது. சிங்கப்பூர் வாழ் அரபு வணிகக் குடும்பமான அல்ஸகோப் குடும்பத்தாரின் நிறுவனத்துக்கு உரியது அக்கப்பல். கடும் புயலில் கொதிகலன்கள் இருப்பிடம் பெயர்ந்தன, நீர் உட்புகுந்தது. பயணிகள் இரவு பகலாக நீரை இறைத்தனர். ஆகஸ்டு 8-ஆம் நாள், கார்டபூயி முனைக்கு அப்பால், கப்பல் தலைவர் கிளார்க்கும் பிற ஐரோப்பிய அதிகாரிகளும் படகில் இறங்கிப் பயணிகளைக் கைவிட்டுச் சென்றனர். வேறொரு கப்பல் அவர்களை ஏடனில் சேர்த்தது. கப்பல் பயணிகளோடு மூழ்கிவிட்டது என்று அவர்கள் கூற, அச்செய்தி தந்தியில் ஏறி உடனே இலண்டனை அடைந்தது.

மறுநாளே, ஆகஸ்டு 11-இல், ‘ஆண்டெனர்’ என்னும் ஹோல்ட் கம்பெனிக் கப்பல் ‘ஜித்தா’வை இழுத்துக்கொண்டு ஏடன் துறைக்குள் நுழைந்தது. கைவிடப்பட்ட பயணிகள் இறைத்த நீரே அக்கப்பலை மிதக்க வைத்திருந்தது. விசாரணைக்குப் பின் கிளார்க்கின் சான்றிதழ் மூன்றாண்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆங்கில எழுத்தாளர் ஜோசப் கான்ராட் பின்னர் எழுதிய ‘லார்டு ஜிம்’ நாவலுக்கு இந்நிகழ்ச்சியே கரு.

தந்திக் கம்பி பொய்யையும் மெய்யையும் ஒரே வேகத்தில் சுமந்தது; இரண்டனுள் எது முதலில் ஏடன் அலுவலகத்தை அடைந்ததோ அதுவே முதலில் இலண்டனை ஆண்டது. கடலில் நீர் இறைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 950 பேருக்குத் தந்தி மேசை எட்டவில்லை. படகில் தப்பியவர்க்கு எட்டியது. இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவை முடிவுக்கு வந்துவிட்டது. கம்பிவடங்கள் கிடந்த அதே கடல்வழியில் இன்று கண்ணாடி இழை வடங்கள் கிடக்கின்றன. செய்தி சரக்கினின்றும் பிரிந்த அன்று தொடங்கிய கேள்வி இன்றும் நம்முன் நிற்கிறது: செய்தியை அனுப்பும் மேசையின் அருகே அமர்ந்திருப்பவர் யார்?